புதுப்பிப்பு: 13S4P பேட்டரி கணக்கு

போன வாரம் நான் கேட்டது: "பேக்கில் 13S4P, 48 வோல்ட் என்று இருக்கிறது. உள்ளே 2.5 ஆம்பியர் மணி செல்கள். மொத்தம் எவ்வளவு தாங்கும்?"

ஒருவர் 52 செல்லையும் 2.5 ஆல் பெருக்கி 130 ஆம்பியர் மணி என்றார். செல் எண்ணிக்கை சரி, பெருக்கியதுதான் தப்பு. 13S என்பது தொடராகக் கோத்த 13 வரிசைகள், அவை வோல்டேஜை மட்டும் கூட்டும்: செல்லுக்கு 3.6 வோல்ட், 13 × 3.6 = 46.8. 48 என்பது ஏறக்குறையச் சொல்வது. முழு சார்ஜில் 54.6 வோல்ட், என் மீட்டரும் அதையே காட்டியது. 4P என்பது ஒவ்வொரு வரிசையிலும் பக்கவாட்டில் இணைந்த நாலு செல், அதுதான் கொள்ளளவு: 4 × 2.5 = 10 ஆம்பியர் மணி. ஆக 468 வாட் மணி. ஒரு செல்லுக்கு 9 வாட் மணி என்று வைத்து 52 ஆல் பெருக்கினாலும் அதே விடை.

இன்னொருவர் தன் 16S பேக்கில் 51.2 வோல்ட்தான் வருகிறது என்று குழம்பினார். அது இரும்பு பாஸ்பேட், செல்லுக்கு 3.2. இந்த 3.6 அங்கே செல்லாது.

சரி, இப்போது என் தலைவலி. ஓட்டிப் பார்த்தால் 7.6 ஆம்பியர் மணியிலேயே துண்டிக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் சொன்னபடி, துண்டித்த உடனே 13 வரிசையையும் தனித்தனியாக அளந்தேன். பன்னிரண்டு 3.4 பக்கம், ஏழாவது மட்டும் 2.9. அதில் ஒரு செல் கழன்றிருந்தால் மிஞ்சுவது 7.5, கணக்கு பொருந்துகிறது. ஒரு வரிசை காலியானாலே முழு பேக்கும் துண்டிக்கும் என்பதால், மற்ற வரிசைகளில் மிச்சம் இருந்தும் பயனில்லை. நாலுமே சோர்ந்து போனதாகவும் இருக்கலாம். இன்னும் பிரிக்கவில்லை.