கடைசிச் சுற்று முடிந்த பின் நன்றி மெயில்: பேசிய டெக்னிக்கல் விஷயத்தை எழுதலாமா?

நடுப்பக்கம்
இன்று மதியம் வேலை இன்டர்வியூவின் கடைசிச் சுற்று முடிந்தது. பேசியவர் அந்த அணியின் மூத்த பொறியாளர். ஆர்டர் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தரும் ஏபிஐ பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. OFFSET வேண்டாம், கடைசியாகக் காட்டிய ஆர்டரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தொடரலாம் என்றேன். "ஒரே நேரத்தில் பதிவான இரண்டு ஆர்டர் வந்தால்?" என்று கேட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நன்றி மெயிலில் இதைப் பற்றி எழுதலாமா? எழுதினால் எவ்வளவு?

ஒற்றைவரி
எழுதவே வேண்டாம். "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியும் மரியாதைக்குத்தான். அவர் தன் மதிப்பீட்டை இந்நேரம் எழுதி முடித்திருப்பார். கேள்வியை முடித்த பிறகு விடை அனுப்பினால், தேர்வறைக்கு வெளியே நின்றுகொண்டு கூடுதல் தாள் நீட்டுவது போலத்தான் இருக்கும்.

குறியீட்டுக்காரன்
ஒற்றைவரி சொல்வதை ஏற்கமாட்டேன். விடை தெரியும் என்று காட்டக் கிடைத்த வாய்ப்பை ஏன் விட வேண்டும்? முழுசாக எழுதுங்கள், குவெரியும் போடுங்கள். `OFFSET 100000 LIMIT 20` என்றால் டேட்டாபேஸ் 100020 பதிவுகளைக் கடந்து வந்து முதல் 100000-ஐத் தூக்கி எறிகிறது என்பதில் ஆரம்பியுங்கள். அப்புறம், விடையும் சுலபம்: நேரத்தை விட்டுவிட்டு id-யை வைத்து வரிசைப்படுத்துங்கள். id இரண்டு பேருக்கு ஒன்றாக வராது, பிரச்சினை தீர்ந்தது.

மேசைக்கு அந்தப்பக்கம்
நான் இன்டர்வியூ எடுப்பவன். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி.

முதலில் டெக்னிக்கல் பக்கம். id-யை மட்டும் வைத்தால் மோதல் வராது, உண்மை. ஆனால் வரிசையே மாறிவிடலாம். பழைய ஆர்டர்களை வேறொரு சிஸ்டத்திலிருந்து பின்னால் கொண்டுவந்து ஏற்றியிருந்தால், அவற்றின் id புதிது, நேரம் பழையது. id சீரற்ற யூயுஐடியாக இருந்தால் வரிசைக்கு அர்த்தமே இல்லை. பயனர் கேட்டது "புதிய ஆர்டர் மேலே" என்றால் நேரம் இருந்தே ஆக வேண்டும்.

அவர் கேட்ட கேள்வி எங்கே கடிக்கும் என்று பாருங்கள். 812, 811 என்று இரண்டு ஆர்டர், இரண்டும் 10:15:07-க்குப் பதிவானவை. முதல் பக்கம் 812-உடன் முடிகிறது. அடுத்த பக்கத்துக்கு "10:15:07-ஐ விடப் பழையது" என்று கேட்டால் 811 எந்தப் பக்கத்திலும் வராது. எர்ரர் எதுவும் விழாது, ஒரு ஆர்டர் சத்தமில்லாமல் காணாமல் போகும். சரி, "அதற்குச் சமமானதும் வரட்டும்" என்று மாற்றினால் 812 இரண்டு முறை வரும். நேரத்தையும் id-யையும் ஜோடியாக ஒப்பிட்டால்தான் சரியாகும்:

```sql
WHERE (created_at, id) < (:last_time, :last_id)
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 20
```

இரண்டு நெடுவரிசைக்கும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் வேண்டும். போஸ்ட்கிரெஸில் இப்படி ஜோடியாகவே எழுதலாம்.

இனி மெயில். இதில் குவெரி, OFFSET வரலாறு எதுவும் வேண்டாம். அவருக்கு அது தெரியும், தெரிந்துதானே கேட்டார். வீட்டில் யோசித்துவிட்டு அனுப்பிய விடைக்காக நான் யாருடைய மதிப்பெண்ணையும் மாற்றியதில்லை, மாற்றவும் கூடாது. இன்னொருவர் அதே கேள்வியில் மெயில் அனுப்பாமல் இருந்திருக்கலாம் அல்லவா? ஆனால் படிப்பேன். கேள்வியின் சிக்கல் எங்கே என்று இவர் பிடித்துவிட்டாரா என்பது இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம்நாள்
எனக்கும் இதே நிலைமைதான். நான்கு பேர் இன்டர்வியூ எடுத்தார்கள், நான்கு பேருக்கும் ஒரே நன்றி மெயிலைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினேன். பதிலே இல்லை. அதனால் சொல்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகு ரிசல்ட் என்ன ஆச்சு என்று எச்.ஆரிடம் நேராகவே கேளுங்கள், தப்பில்லை.

நடுப்பக்கம்
ரிசல்ட் கேட்பதைப் பற்றி இல்லைங்க, நன்றி மெயிலைப் பற்றித்தான். இன்னொரு சிக்கல்: அவருடைய மெயில் முகவரி என்னிடம் இல்லை, எச்.ஆருடையதுதான் இருக்கிறது.

மேசைக்கு அந்தப்பக்கம்
முகவரியை ஊகித்து அனுப்பாதீர்கள். எச்.ஆருக்கு அனுப்பி, அவருக்குச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் அதை முதலில் படிப்பவருக்கு ஏபிஐயே தெரியாமல் இருக்கலாம், அதையும் மனதில் வைத்து எழுதுங்கள். தங்கள் சிஸ்டத்தைப் பற்றி அவர் பேச்சுவாக்கில் சொன்ன உள்விவரம் எதுவும் மெயிலில் வரக்கூடாது. மூன்றாம்நாள், உங்கள் நான்கு பேரும் முடிவெடுக்க ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரே மெயில் என்றால் அங்கே தெரிந்துபோகும். ஒவ்வொருவரோடும் பேசியது வேறு வேறாக இருந்திருக்குமே!

நடுப்பக்கம், நானாக இருந்தால் இன்று மாலைக்குள் இப்படி அனுப்புவேன்:

> வணக்கம். இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. ஒரே நேரத்தில் பதிவான இரண்டு ஆர்டர்கள் பற்றி நீங்கள் கேட்டதைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். நேரத்தை மட்டும் வைத்துத் தொடர்ந்தால் பக்க எல்லையில் ஒரு ஆர்டர் விடுபடும். நேரத்தோடு id-யையும் சேர்த்து ஒப்பிட்டால் அது விடுபடாது என்று நினைக்கிறேன். ஆனால் நேராக 57-ஆம் பக்கத்துக்குத் தாவ வேண்டும் என்றால் இந்த முறை உதவாது. இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

குறியீட்டுக்காரன்
யூயுஐடி விஷயம் சரி, விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் "உதவாது" என்று சொந்த விடையின் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும்? அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

மேசைக்கு அந்தப்பக்கம்
எனக்கு அந்த வாக்கியம்தான் பிடிக்கும். விடையைத் தேடி எடுத்துவிடலாம். அது எந்த இடத்தில் செல்லாது என்று சொல்ல, கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும்.

ஒற்றைவரி
இரண்டு வாக்கியம் என்றீர்கள், ஆறு வந்திருக்கிறது. இன்னும் சொல்கிறேன்: "பிறகு யோசித்துப் பார்த்தேன்" என்பதைப் படித்தால் அவருக்கு "அப்போது தெரியவில்லை" என்றுதான் காதில் விழும். இவருக்கு நேரம்தான் போதவில்லை. அதை மறுபடி ஞாபகப்படுத்துவானேன்?

மேசைக்கு அந்தப்பக்கம்
குறிப்பில் "நேரம் முடிந்தது" என்று நானே எழுதியிருப்பேன், ஞாபகப்படுத்த என்ன இருக்கிறது? ஆனால் எல்லா இன்டர்வியூவரும் அப்படி எழுதுவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வெறுமனே "விடை வரவில்லை" என்று எழுதுபவரும் உண்டு.

ஒற்றைவரி
அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்படிப்பட்டவருக்கு இந்த மெயில் பாதகம்.

குறியீட்டுக்காரன்
அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த மெயில் தேவை!

நடுப்பக்கம்
"பிறகு யோசித்துப் பார்த்தேன்" என்பதை "நேரம் முடிந்ததால் சொல்ல முடியாமல் போனது" என்று மாற்றினேன். 57-ஆம் பக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டேன், எனக்கே கொஞ்சம் சோப்புப் போடுவது மாதிரி இருந்தது. எச்.ஆருக்கு இப்போதுதான் அனுப்பினேன்.

மூன்றாம்நாள்
"நேரம் முடிந்ததால்" என்பது அவர்மேல் குறை சொல்வது மாதிரி இல்லையா?