இடுப்புல ஏத்தும்போது நடுவுல ஒரு சாண் இடைவெளி

கோத்தகிரி: தேயிலைத் தோட்டத்துல நடக்குற சண்டை கேம் ஒண்ணு பண்றேன். ஒருத்தன் இன்னொருத்தன் சட்டையைப் பிடிச்சு, இடுப்புல ஏத்தி எறியணும். பிளெண்டர்ல ரெண்டு பேரையும் ஒரே சீன்ல 90 செ.மீ. தள்ளி எதிரெதிரா நிறுத்தி அனிமேட் பண்ணேன். அங்க கச்சிதம். எஞ்சின்ல போட்டா கை காத்தைப் பிடிக்குது.

தனித்தனியா எக்ஸ்போர்ட் பண்ணும்போது ரெண்டு ரூட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்கேன். அந்த 90 செ.மீ. எந்தக் கிளிப்லயும் இல்லை! அதைத் தனியா குறிச்சு வச்சு, எறியிறவன் நிக்கிற இடத்துல இருந்து கணக்குப் போட்டு மத்தவனை நிறுத்தினேன். ஒரே ஃப்ரேம்ல நகர்த்தினா ஆள் குதிக்கிறான். பிடி விழுறது 12ஆவது ஃப்ரேம்; அதனால அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி முடிச்சேன்.

பிடி சரியா விழுந்துச்சு. ஆனா இடுப்புல ஏத்தும்போது ஒரு சாண் விலகுது. ரெண்டு நாள் கிளிப்பையே திட்டிட்டு இருந்தேன். கடைசியில கொலிஷன் கேப்சூலைத் திரையில காட்ட வச்சா, ரெண்டும் உரசுற ஃப்ரேம்லதான் விலகல் ஆரம்பிக்குது. ஒவ்வொண்ணும் 35 செ.மீ. ஆரம், அதனால 70க்குள்ள நெருங்க விடாது. கிளிப் கேக்குறது 45. இந்த ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும் மோதலை அணைச்சேன், சுவரோட மோதலை விட்டு வச்சேன்.

ஊட்டி: இதுக்கு எதுக்குங்க இவ்வளவு? கைக்கு ஐகே போட்டா முடிஞ்சது. நான் கைகுலுக்கலுக்கு அப்படித்தான் பண்ணேன்.

குன்னூர் அக்கா: கைகுலுக்கல்ல மூணு நாலு செ.மீ. வித்தியாசத்தை ஐகே விழுங்கிடும் தம்பி. ஒரு சாணுக்கு முழங்கை விறைச்சு குச்சியாயிடும். அதுலயும் ஒருத்தர் கை மட்டும் மத்தவர் கையைத் தேடணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு துரத்தினா நடுங்கும்.

கோத்தகிரி தம்பி, அப்டேட் வரிசையையும் பாருங்க. எறியப்படுறவன் முதல்ல அப்டேட் ஆனா, அவன் பார்க்கிறது எறியிறவனோட போன ஃப்ரேம் இடத்தை. மெதுவா நடக்கையில தெரியாது, சுழற்றும்போது சட்டை கையை விட்டு நழுவும்.

கொடைக்கானல்: எனக்கும் இதேதான்! கல்யாண அழைப்பு வீடியோ, மாப்பிள்ளையும் மாமனாரும் கைகுலுக்கணும். ரெண்டு கிளிப்லயும் கை சேருறது 48ஆவது ஃப்ரேம்ல. ஆனா மாப்பிள்ளை 30 எஃப்பிஎஸ், மாமனார் 24. மாப்பிள்ளை 1.6 செகண்ட்ல கையை நீட்டிட்டார், மாமனார் வர 2 செகண்ட் ஆச்சு. பார்த்தவங்க சம்பந்தத்துல ஏதோ மனஸ்தாபம்னு நினைச்சுட்டாங்க.

கோத்தகிரி: அது வேற வியாதி அண்ணா, என்னோடது ரெண்டுமே 30தான். அக்கா, வரிசையை மாத்தினேன், நழுவல் நின்னுடுச்சு.

இப்ப பாக்கி சரிவுதான். கிளிப் சமதரைக்குப் பண்ணது. 15 டிகிரி இறக்கத்துல 2 மீட்டர் தள்ளி எறிஞ்சா தரை அரை மீட்டருக்கு மேல கீழ போயிடுது. ஆள் அந்தரத்துல படுத்துக் கிடக்கான்.

குன்னூர் அக்கா: கை விட்ட ஃப்ரேமோட கிளிப்பை நிறுத்தி ராக்டால்ல விட்டுடுங்க.

கோத்தகிரி: விட்டேன் அக்கா. தேயிலைச் செடி வரிசையில உருண்டு நேரா ஓடைக்குப் போறான்.

ஊட்டி: நம்ம ஊர்ல நிஜமாவே அப்படித்தானே விழுவான்?