மார்க்கெட்டிங் தேர்வு: மாவுக் கடை கேஸில் விலையும் இடமும் முட்டுகின்றன

பி.காம் இரண்டாம் ஆண்டு, வியாழக்கிழமை தேர்வு. இன்டர்னலில் இந்த 10 மார்க் கேஸுக்கு எனக்குக் கிடைத்தது 4. "விளக்கம் இருக்கிறது, கடை எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

கேஸ் இதுதான்: வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண். கிலோவுக்குச் செலவு 36 ரூபாய், விற்பது 45. மாவு இரண்டு நாளில் புளித்துவிடும். சூப்பர் மார்க்கெட்டில் வைக்கலாமா என்பது கேள்வி, ஆனால் அவர்கள் விற்பனை விலையில் 20% கேட்கிறார்கள்.

முதலில் பொருள், விலை, இடம், புரமோஷன் என்ற நான்கு P-க்கும் தனித்தனிப் பத்தி எழுதினேன். அதற்குத்தான் அந்த 4. அப்புறம் கணக்குப் போட்டேன். 45-இல் 20% போனால் கையில் 36, லாபம் பூஜ்யம். 50 ஆக்கினால் 40 வரும், லாபம் 4. ஆனால் வாடிக்கையாளர்கள் விலை பார்த்து வாங்குபவர்கள் என்று கேஸிலேயே இருக்கிறது. விற்காத பாக்கெட் புளித்துத் திரும்பினால் அந்த 4-ம் போச்சு. புரமோஷனில் சிக்கல் இல்லை, அடுக்குமாடி வீடுகளுக்கு சாம்பிள் என்று எழுதிவிடுவேன்.

இப்படி ஒரு P இன்னொன்றை இடிக்கும்போது, சூப்பர் மார்க்கெட் வேண்டாம் என்று முடிவெடுத்து, மற்ற மூன்றையும் அதற்கேற்ப எழுதினால் முழு மார்க் தருவார்களா?