சிஎஸ்வி எழுதும்போது மேற்கோள் குறியில் மாட்டியவர்கள் கதையைச் சொல்லுங்கள்

பைப்லைன்_பாலு

போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் மாற்றிக் கொடுத்தேன். பழைய சரக்குப் பட்டியலை சிஎஸ்வியாக எழுதியதும் நான், புதியதில் ஏற்றியதும் நான். பெயரில் கமா வரும் என்று தெரியும், அதனால் எல்லாப் பெயருக்கும் இரண்டு பக்கமும் மேற்கோள் போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சோதனைக்கு ஃபிட்டிங்ஸ் மட்டும் 46 ஐட்டம் கொடுத்தேன். ஏறியது 23. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. நான் எண்ணிக்கையைக் கவனிக்கவே இல்லை. கடைக்காரர்தான் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, அரை இன்ச் எல்போ 22 ரூபாய்னு காட்டுது. நான் 14க்குத்தானே விக்கிறேன்?" என்றார்.

நான் எழுதிய கோப்பு இது:

```
101,"பிவிசி எல்போ, 1/2"",14
102,"ஜிஐ நிப்பிள், 3/4"",22
```

பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 1/2-ஐ அடுத்து இருப்பது இன்ச் குறி, அதை ஒட்டி நான் போட்ட மூடும் குறி. படிக்கிற நிரலுக்கு இரண்டும் சேர்ந்தால் "உள்ளே ஒரு மேற்கோள் எழுத்து இருக்கிறது" என்று பொருள். ஆகவே பெயர் மூடவே இல்லை. 14-ஐயும் விழுங்கி, வரியைத் தாண்டி ஓடி, 102-க்கு நான் போட்ட திறக்கும் குறியில் போய் மூடிக்கொண்டது. பைதான் படித்தது இப்படி:

```
['101', 'பிவிசி எல்போ, 1/2",14\n102,ஜிஐ நிப்பிள்', ' 3/4""', '22']
```

இரண்டு வரி ஒரே பதிவு. எல்லாப் பெயரும் இன்ச்சில் முடிந்ததால் சரியாகப் பாதி. விலைக்கு `row[-1]` எடுத்திருந்தேன், அதனால் எல்போவுக்கு நிப்பிள் விலை. உள்ளே இருக்கும் குறியை இரட்டித்திருந்தால் கடைசியில் மூன்று வந்திருக்கும்:

```
101,"பிவிசி எல்போ, 1/2""",14
```

அந்த மூன்று குறியை முதல் தடவை பார்த்தபோது அதுதான் தப்பு என்று நினைத்து ஒன்றை அழிக்கப் போனேன், அது தனிக் கதை.

செல்வி_டேட்டா

இதற்கு இவ்வளவு வேண்டாமே பாலு. உள்ளே வரும் குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டால் போதும். `\"`. ஐந்து வருஷமாக அப்படித்தான் அனுப்புகிறேன், வாங்குகிற கம்பெனி ஒரு நாளும் புகார் சொன்னதில்லை.

பழைய_பெட்டி

செல்வி மேடம், வாங்குகிறவர்கள் மைஎஸ்கியூஎல் வைத்திருப்பார்கள். அது பேக்ஸ்லாஷை ஏற்கும், `INTO OUTFILE` எழுதுவதும் அப்படித்தான். அதே கோப்பை எக்செல்லில் திறந்து பாருங்கள். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180-இல் பேக்ஸ்லாஷுக்கு இடமே இல்லை, இரட்டிப்பது மட்டும்தான். அதுவும் கட்டாயமான தரம் இல்லை, நடைமுறையை எழுதிவைத்த ஆவணம். அதனால்தான் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள்.

என்னை அடித்தது பிஎச்பி. நான் எதையும் கையால் ஒட்டவில்லை, முறையாக `fputcsv` தான். ஆயிரக்கணக்கான வரியில் ஒரே ஒரு வரி உடைந்தது. முந்தைய ஆள் ஒருவர் அந்தப் பெயரைப் பேக்ஸ்லாஷோடு சேர்த்தே தரவுத்தளத்தில் போட்டிருந்தார்: `1/2\" கேப்`. குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் இருந்தால் `fputcsv` அந்தக் குறியை இரட்டிக்காது. அதன் இயல்பே அது! எழுதியது `"1/2\" கேப்"`. படிக்கிற பைதானுக்கு பேக்ஸ்லாஷ் வெறும் எழுத்து, குறி வந்ததும் மேற்கோள் அங்கேயே மூடிக்கொண்டது. அன்றிலிருந்து ஐந்தாவது இடத்தில் காலியாகக் கொடுக்கிறேன்:

```php
fputcsv($f, $row, ',', '"', '');
```

7.4-இலிருந்து இப்படிக் கொடுக்கலாம். 8.4-இல் அதை எழுதாமல் விட்டால் எச்சரிக்கையே வருகிறது.

கேட்காமல் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நூலகம் இல்லாத இடத்தில் (எனக்கு ஒரு பழைய எடைமேடை மென்பொருள் அப்படி) கையால் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் உள்ளே இருக்கும் குறிகளை இரட்டிக்க வேண்டும், அப்புறம்தான் வெளியே சுற்ற வேண்டும். என்னோடு வேலை பார்த்த பையன் சுற்றிவிட்டு இரட்டித்தான். வெளிக்குறியும் இரண்டாகி, ஒவ்வொரு பெயரும் `""பிவிசி` என்று தொடங்கியது. படிக்கிற நிரல் திறந்த உடனே மூடியதாக எடுத்துக்கொண்டு, அடுத்த கமாவில் வெட்டியது. இன்னொன்று: கமாவுக்குப் பிறகு அழகுக்காக இடைவெளி விடாதீர்கள். `101, "பிவிசி எல்போ, 1/2"""` என்று எழுதினால் புலம் இடைவெளியில் தொடங்குகிறது, அதன் பிறகு வரும் குறிக்குத் திறக்கும் அதிகாரம் இல்லை. பைதானில் `skipinitialspace` போட்டுச் சமாளிக்கலாம், எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

மதுரை_மீனா

எனக்கு மேற்கோள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். தன்னார்வ நூலகம் ஒன்றின் உறுப்பினர் பட்டியல். முகவரிப் பெட்டியில் எல்லோரும் என்டர் தட்டியிருக்கிறார்கள்:

```
212,"கதவு எண் 4, மேலத் தெரு
மதுரை 625001",ஆண்டுச் சந்தா
```

ஒரு பதிவு இரண்டு வரியில் கிடப்பது முறைப்படி சரி. எனக்கு அது தெரியாது. எண் வரிசையில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று டெர்மினலில் `sort -n -o` கொடுத்தேன், அதே கோப்பின் மேலேயே. திறந்து பார்த்தால் "மதுரை 625001" வரிகள் அத்தனையும் ஓரிடத்தில் கூட்டமாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஜோடி இல்லாமல் ஒரு மேற்கோள் தொங்குகிறது. யாருடைய பாதி எது என்று சேர்க்க வழியே இல்லை. திரும்ப ஏற்றுமதி செய்ய மூன்று நாள் கேட்டுக் கேட்டு நின்றேன்.

செல்வி_டேட்டா

அதனால்தான் எழுதும்போதே வரிமுறிப்பை எடுத்துவிட்டு இடைவெளி போட்டுவிட வேண்டும் என்கிறேன்.

பழைய_பெட்டி

முகவரிச் சீட்டு அச்சடிக்கும்போது அந்த வரிமுறிப்பை யார் திருப்பித் தருவது? எழுதுகிறவர் தரவை மாற்றக்கூடாது. `sort`, `wc -l` இரண்டும் வரியைத்தான் பார்க்கும், பதிவைப் பார்க்காது. தப்பு அங்கே.

குமரன்77

எனக்கும் இதே பிரச்சினைதான். மின் இணைப்பு எண் `"00641"` என்று மேற்கோளுக்குள் போட்டேன், டெக்ஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும் அல்லவா? எக்செல்லில் திறந்தால் 641. உள்ளே இரட்டை மேற்கோள் போட்டும் பார்த்தேன், நடக்கவில்லை.

பைப்லைன்_பாலு

குமரன், இது வேறு பிரச்சினை. சிஎஸ்வியில் மேற்கோள் எல்லையை மட்டும்தான் சொல்லும், எண்ணா எழுத்தா என்று சொல்லாது. இருமுறை சொடுக்கித் திறக்காமல் டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று தேர்ந்தெடுங்கள்.

மீனா அக்கா, விண்டோஸில் பைதான் வைத்துத் திரும்ப எழுதினால் `open`-இல் `newline=''` மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே வெற்று வரி முளைக்கும்.

மதுரை_மீனா

முளைத்தது தம்பி. நேற்றுதான். அந்த வெற்று வரிகளை நோட்பேடில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன், 400 தாண்டிவிட்டது.

செல்வி_டேட்டா

என் பேக்ஸ்லாஷ் கோப்பை எக்செல்லில் திறந்து பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் இரட்டித்ததை ஏற்பார்களா என்று கேட்டால் பதிலே வரவில்லை. இரண்டு மாதிரியும் ஆளுக்கொரு கோப்பாக அனுப்பிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?