இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒரு கலைச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

மலர்விழி:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு பாடம் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் ஊற்றும் ஆயிலைப் பற்றியது. முதல் வரைவில் "இரட்டை உரசிணைப்பிப் பல்லிணைப்பெட்டி உயவு எண்ணெய்" என்று இருந்தது. வகுப்பில் படித்துக் காட்டியதும் ஒரு பையன், "அப்போ கியர் ஆயில்தானே மேடம், 90 ஆயில் ஊத்தலாமா?" என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

பாடத்தின் கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது. கம்பெனி சொல்லும் ஆயில் விலை அதிகம், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். விலை குறைந்த வேறு ஆயிலை ஊற்றலாமா, கெடுவைத் தள்ளிப்போடலாமா? சொல், விடை இரண்டுக்கும் உதவுங்கள்.

இளம்பரிதி:

அம்மா, 'எண்ணெய்' என்பதே எள் + நெய். எள்ளில் பிறந்ததற்கு மட்டும் உரிய பெயரை நிலத்தடியிலிருந்து வருவதற்கும் சூட்டிவிட்டோம். 'நெய்' அதைவிட விரிந்த சொல். காய்ச்சிய வெண்ணெயும் நெய், எள்ளின் சாறும் நெய். அகராதிகளில் 'உயவுநெய்' என்று வண்டி அச்சுக்கு இடுவதற்கே பெயர் இருக்கிறது.

கிளட்சுக்குப் 'பற்றி' போதும். பற்றுவது பற்றி, விடுவதும் அதே உறுப்புத்தான். ஆகவே 'இருபற்றிப் பல்லிணை நெய்'. சுருக்கமாக 'இருபற்றி நெய்'.

பாலாஜி:

ஐயா, "இருபற்றி நெய் ஒரு லிட்டர் கொடுங்க" என்று உதிரிபாகக் கடையில் கேட்டால் ஆவின் பூத்துக்குக் கைகாட்டுவார்கள். அதோடு 'பற்றி' என்றால் படிப்பவனுக்கு முதலில் 'குறித்து' என்றுதான் தோன்றும். "இரட்டைப் பற்றி பற்றி" என்று பாடத் தலைப்பு வைக்க முடியுமா?

ஆயில் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது: பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று போட்டிருக்கும். கார் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் சில பைக்குகளில் கிளட்ச் வழுக்கும். காரிலும் இதே கதைதான். அப்படியானால் நல்ல பைக் ஆயிலே போதுமே, எதற்குத் தனி ஆயில்?

சேகர்:

பாலாஜி தம்பி சொன்னதில் முதல் பாதி மிகச் சரி. கிளட்ச் ஆயிலில் முங்கியிருந்தால் அந்த ஆயில் வெறுமனே வழுக்கினால் போதாது, அளவாகப் பிடிக்கவும் வேண்டும். இரண்டாவது பாதி ஆபத்து. ஃபோக்ஸ்வேகனின் ஆறு கியர் இரட்டை கிளட்ச் பெட்டியான டி.எஸ்.ஜி.யை எடுத்துக்கொள்வோம். டி.க்யூ.250 என்பார்கள், 2003இல் வந்தது. நம் ஊரில் பழைய ஆக்டேவியா, சூப்பர்ப் டீசல் கார்களில் நிறைய இருக்கிறது.

அதில் ஒரே ஆயில் பல வேலை பார்க்கிறது. கியர் பற்களுக்கும் பேரிங்குக்கும் நடுவே படலமாக நிற்கிறது. மெக்கட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிறு வால்வுகள் வழியாக அழுத்தமாகப் போய், கியரை மாற்றி, கிளட்சை அழுத்துகிறது. டிராஃபிக்கில் வண்டி ஊர்ந்து போகும்போது கிளட்ச் பிளேட்டுகள் அரைகுறையாக உரசிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டைக் கூலருக்குத் தூக்கிப்போவதும் இதே ஆயில்தான்.

சிக்கல் உராய்வில் இருக்கிறது. இரண்டு பிளேட்டுகளின் வேக வித்தியாசம் குறையக் குறைய உராய்வும் மெல்லக் குறைய வேண்டும். அப்போதுதான் பிடிப்பு மெத்தென்று முடியும். தப்பான ஆயிலில் இது தலைகீழாகிறது. வேக வித்தியாசம் குறையும்போது உராய்வு ஏறும், பிளேட் சட்டென்று பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். அதைத்தான் ஓட்டுகிறவர் "வண்டி உதறுது" என்கிறார். கியர் பல்லுக்கு நல்லதென்று 90 ஆயிலில் சேர்க்கும் கந்தக மருந்து இந்தக் கணக்கைக் கெடுக்கும், செம்பு, பித்தளைப் பாகங்களையும் அரிக்கும். பைக் ஆயில் இந்தப் பெட்டியின் வால்வுகளுக்கும் சின்க்ரோ வளையங்களுக்கும் செய்யப்பட்டதில்லை. சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டி ஆயில் கொஞ்சம் பக்கத்தில் வரும், ஆனாலும் கியர் பற்களின் அழுத்தத்தை எண்ணிச் செய்ததல்ல.

அதனால் 'உயவு' என்ற சொல் பெயரில் வரவே கூடாது. மாணவன் வழுவழுப்பைத்தான் தேடுவான்.

துஷ்யந்தன்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 'மசகு' என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லையே? ஆனால் எங்கள் செய்தித்தாள்களில் 'மசகு எண்ணெய்' என்றால் நீங்கள் கச்சா எண்ணெய் என்று சொல்வது. எங்கள் வாசகருக்கு அது குழப்பும். எங்களிடம் ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் வாகனங்கள் பல, அவற்றில் சிலதில் இரட்டை கிளட்ச் இருக்கிறது. கராஜில் எல்லாரும் 'கியர் ஒயில்' என்றுதான் கேட்கிறார்கள். அதனால் பெயர் கராஜ்காரரைத் தடுத்து நிறுத்துவதாக இருக்க வேண்டும் என்பதில் சேகர் அண்ணாவோடு உடன்படுகிறேன்.

இளம்பரிதி:

உயவு பற்றி ஒரு சொல். சங்கப் பாட்டில் 'உயவு' வருத்தம், தளர்ச்சி. 'உயங்குதல்' அதே வேர். தேய்ந்து வருந்தும் அச்சின் உயவைத் தீர்க்கும் நெய் உயவுநெய் ஆயிற்று என்று நான் கருதுகிறேன். அப்படிப் பார்த்தால் உயவு என்பது வழுவழுப்பே அல்ல, தேய்மானத் துன்பம். சேகர் சொன்ன வேலைகள் எல்லாம் துன்பம் தீர்ப்பவைதாமே? சொல் பிழையில்லை, நாம் அதைச் சுருக்கிவிட்டோம்.

மலர்விழி:

ஐயா, விளக்கம் அழகாக இருக்கிறது. பதினேழு வயதுப் பையன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அது அவனுக்கு எட்டாது. பெயர் மட்டும் கொடுங்கள்.

ரவி:

நீங்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை. என் காரும் ஏழு கியர் இரட்டை கிளட்ச்தான். சர்வீஸில் ஒருமுறைகூட ஆயில் மாற்றவில்லை, "வாழ்நாளுக்கும் ஒரே ஆயில்" என்றார்கள். இப்போது 60,000 கிலோமீட்டர் என்கிறீர்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

சேகர்:

ரவி சார், உங்களுடையது உலர் வகையாக இருக்கலாம். ஏழு கியர் என்பதால் மட்டும் சொல்ல முடியாது, வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். உலர் வகையில் கிளட்ச் ஆயிலைத் தொடுவதே இல்லை. கியருக்குக் கொஞ்சம் ஆயில், மெக்கட்ரானிக்குக்குத் தனி ஆயில், அவ்வளவுதான். கிளட்ச் தேய்ந்த தூள் ஆயிலில் கலக்காததால் அந்தக் கெடு அதற்குப் பொருந்தாது. ஆக, ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது.

இதே உலர் பெட்டியில் ஒரு பாடம் உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் ஏறத்தாழ 16 லட்சம் கார்களில் ஏழு கியர் பெட்டியின் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றச் சொன்னது. சூடும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், நின்று நின்று ஓடும்போது, சிந்தெடிக் ஆயிலால் மின்சாரக் கோளாறு வந்தது. 'விலை கூடினால் நல்லது' என்பதும் தப்பு, 'எது என்றாலும் ஒன்றுதான்' என்பதும் தப்பு. அந்தப் பெட்டிக்கு எது பொருந்துகிறதோ அதுதான்.

மலர்விழி மேடம் கேட்டதற்கு எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஆறு கியர் ஈர வகை. வேறொரு இடத்தில் சாதாரண கியர் ஆயில் ஊற்றியிருந்தார்கள். காலையில் கியர் தாமதமாக விழுந்தது, சூடேறியதும் முதல் கியரில் ஊர்ந்தால் உதறியது. இந்தப் பெட்டியில் மொத்தம் சுமார் 7 லிட்டர் இருக்கும், வடித்தால் 5 லிட்டர்தான் வரும். மீதி 2 லிட்டர் உள்ளேயே தங்கிவிடும். அதாவது சரியான ஆயிலை ஊற்றினாலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பழசே கலந்திருக்கும். அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்தோம், அப்போது பழசு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. ஃபில்டரையும் மாற்றி, ஸ்கேனரில் கிளட்ச் அளவுகளைப் புதிதாகக் கற்றுக்கொள்ள விட்டோம். கியர் தாமதம் போய்விட்டது. உதறல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. பிளேட் ஏற்கெனவே பளபளப்பாகியிருக்கும் என்பது என் கணிப்பு. ஆயிலில் மிச்சம்பிடித்தது இரண்டு மடங்காகச் செலவாயிற்று.

பாலாஜி:

அப்போ கம்பெனி டப்பாவைத் தவிர வேறு வழியே இல்லையா அண்ணா?

சேகர்:

இருக்கிறது. டி.க்யூ.250க்கு அவர்கள் தரும் எண் ஜி 052 182. மோட்டுல், லிக்வி மோலி, காஸ்ட்ரால் போன்றவர்களும் இரட்டை கிளட்ச் ஆயில் விற்கிறார்கள். உங்கள் பெட்டிக்குரிய எண் பின்பக்கத்தில் எழுத்தில் இருந்தால், வாரன்டி முடிந்த வண்டிக்கு நான் தயங்காமல் ஊற்றுவேன். ஆனால் படித்துப் பாருங்கள். காரைச் செய்தவர் சோதித்து ஒப்புதல் தந்தது ஒன்று, ஆயில் கம்பெனி தானே "பொருந்தும்" என்று எழுதிக்கொள்வது இன்னொன்று. முன்னது பலமானது. வாரன்டி இருந்தால் கம்பெனி ஆயிலை விட்டு விலகாதீர்கள்.

கெடுவைத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிளட்ச் தூள் சேரும், பிசுபிசுப்பு குறையும், உராய்வைச் சீராக வைக்கும் மருந்து தீரும். நம் நகர டிராஃபிக்கில் இன்னும் சீக்கிரம் தீரும். மிச்சம்பிடிக்க வேண்டுமென்றால் கூலியில் பிடியுங்கள், ஸ்கேனர் உள்ள நல்ல தனிப் பட்டறையிலேயே மாற்றலாம். ஆனால் அளவு பார்க்கத் தெரிந்தவரா என்று கேளுங்கள். எஞ்சின் ஓட, ஆயில் 35லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது கீழ் ஓட்டையைத் திறக்க வேண்டும், கூடுதல் ஆயில் வழிந்து சொட்டாக நிற்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் கைவைத்துச் சூட்டைப் பார்ப்பவரிடம் விடாதீர்கள். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் கியர் கடைந்து நுரைக்கும்.

துஷ்யந்தன்:

அப்படியானால் நான் முன்மொழிவது: 'ஈரக் கிளட்ச் பாய்மம்'. 'ஈரம்' என்றால் தண்ணீர் என்று நினைக்கக்கூடும் என்பது ஒரு குறை. 'தோய் கிளட்ச்' என்றால் இன்னும் சரி.

இளம்பரிதி:

'பாய்மம்' வளியையும் உள்ளடக்கும் சொல். டப்பாவில் இருப்பது நீர்மம். 'கிளட்ச்' என்ற அயற்சொல்லைத் தமிழ்க் கையேட்டில் அப்படியே விடுவதை நான் ஏற்கமாட்டேன். 'தோய்பற்றி நீர்மம்' என எழுதுங்கள். பாலாஜி சொன்ன 'பற்றி' மயக்கம் தொடர்மொழியில் வராது.

மலர்விழி:

நன்றி. பாடம் நாளை காலை போகிறது. தலைப்பில் 'தோய் கிளட்ச் பெட்டித் திரவம்' என்று வைக்கிறேன். அடுத்த வரியிலேயே "இது கியர் ஆயில் அல்ல, பெட்டிக்குரிய எண் பார்த்து ஊற்றுக" என்று தடித்த எழுத்தில் வரும். உலர் வகைக்குத் தனிப் பத்தி எழுதிவிட்டேன். பாலாஜி, சேகர் அண்ணா, துஷ்யந்தன் மூவருக்கும் இது சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இளம்பரிதி:

'திரவம்' வடமொழி. நீர்மம் இருக்க அதை எடுத்ததை எதிர்க்கிறேன், என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

ரவி:

வண்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். உலர் வகை என்று எங்கும் எழுதவில்லை. சேகர் சார், எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும்?