மெதுவாக வீசுபவருக்கு மென்பந்துதானா?

திரியைத் தொடங்கியவர்

கோல்ஃப் ஆடுகிறேன், வயது 63. டிரைவர் மட்டையை நான் வீசும் வேகம் மணிக்கு 78 மைல்தான். போன வருஷம் கடையில், “உங்கள் வேகத்துக்கு கம்ப்ரஷன் குறைந்த, அதாவது எளிதில் நசுங்கும் டூ பீஸ் பந்துதான் சரி” என்று சொல்லி, கம்ப்ரஷன் சுமார் 40 வரும் ஒன்றைக் கொடுத்தார்கள். டீயில் அடிக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்து பக்கவாட்டில் வளைந்து போகும் ஸ்லைஸ்கூடக் கொஞ்சம் அடங்கியது. ஆனால் குழி இருக்கும் கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் பின்பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

போன வாரம் ஒரு காலை இதைச் சோதித்துப் பார்த்தேன். கிரீனிலிருந்து 30 கெஜம், அதே சாண்ட் வெட்ஜ் மட்டை. அந்தப் பந்தில் பத்து, யூரித்தேன் கவர் போட்ட த்ரீ பீஸில் பத்து. விழுந்த இடத்திலிருந்து, என் மட்டைப் பையைத் தூக்கும் கேடி தப்படி வைத்து அளந்தார். டூ பீஸ் சராசரியாக ஒன்பது தப்படி உருண்டது, த்ரீ பீஸ் ஐந்து. டிரைவரில் வித்தியாசம் இருந்ததா என்று கேட்டால், நான் சரியாக அடித்ததற்கும் தவறாக அடித்ததற்கும் நடுவே இருந்த இருபது கெஜத்தில் அது எங்கேயோ தொலைந்துவிட்டது. உங்கள் அனுபவம் என்ன?

வாரக்கடைசி ஆட்டக்காரர்

நான் கேள்விப்பட்டது வேறு மாதிரி சார். கம்ப்ரஷன் 90, 100 உள்ள பந்தை நம் வேகத்தில் நசுக்கவே முடியாது. நசுங்காவிட்டால் உள்ளே இருக்கும் கோர் வேலை செய்யாது, தூரமும் குறையும். நான் மென்பந்துக்கு மாறியபின் பத்து கெஜம் கூடியது.

பழைய ப்ரோ ஷாப்காரர்

தம்பி, டிரைவர் பட்டால் எல்லாப் பந்தும் நசுங்கும். பந்து மட்டையின் முகத்தில் ஒட்டியிருப்பது அரை மில்லி செகண்டுக்கும் குறைவு. அதற்குள் நசுங்கி விரிந்துவிடுகிறது. மெதுவாக வீசினால் நசுங்கும் அளவு குறையும், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் நம்பிக்கை நூல் சுற்றிய பந்துகளின் காலத்தது. அப்போது சிவப்பு நம்பர் போட்டால் 90, கறுப்பு போட்டால் 100 என்பார்கள். அந்த எண்ணைத் தம் கை பலத்தின் சான்றிதழ் போல எடுத்துக்கொண்டவர்கள் பலர்!

மென்பந்தின் உண்மையான சங்கதி வேறு. மென்மையான கோரும் அயனோமர் என்ற பிளாஸ்டிக் கவரும் சேர்ந்தால் ஸ்பின் குறையும். ஸ்லைஸ் அடங்கியதற்கும் பந்து கிரீனில் நிற்காததற்கும் அதுதான் காரணம். உங்கள் பத்து கெஜமும் ஸ்லைஸ் குறைந்ததால் வந்திருக்கலாம். வேகமாக வீசுபவருக்கு மென்பந்து கொஞ்சம் வேகத்தைக் குறைத்துவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நஷ்டம் சிறியது.

கடையில் இருந்தபோது ஹேக்ஸா வைத்துப் பல பந்துகளைப் பாதியாக அறுத்திருக்கிறேன். த்ரீ பீஸ் போன்ற மல்டிலேயரில் கோருக்கும் கவருக்கும் நடுவே கெட்டியான ஒரு அடுக்கு தெரியும். வெட்ஜ் அடிக்கும்போது மெல்லிய யூரித்தேன் அந்தக் கெட்டி அடுக்குக்கும் வெட்ஜின் கோடுகளுக்கும் நடுவே சிக்கி நசுங்குகிறது. அந்தப் பிடிதான் ஸ்பின். அயனோமர் கடினமானது, முகத்தில் வழுக்கி மேலே ஏறிவிடும். அதனால் பீஸ் எண்ணிக்கையை நம்பாதீர்கள். த்ரீ பீஸ் என்று போட்டிருந்தும் கவர் அயனோமராக இருப்பதுண்டு. பெட்டியில் கவர் என்ன என்று படியுங்கள்.

பெயர் வேண்டாம்

குளத்தில் எடுத்த பந்து வாங்கலாமா? ஒரு டஜனைப் பாதி விலைக்கு வாங்கினேன், நாலு பந்து செத்த மாதிரி அடிபடுகிறது. அதுவும் கம்ப்ரஷன் பிரச்சினைதானே?

பழைய ப்ரோ ஷாப்காரர்

அது வேறு கதை. எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? மேலே பளபளப்பாக்கி விற்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஊட்டிக்காரர்

இங்கே டிசம்பர் காலையில் எந்தப் பந்தும் கல்தான். குளிரில் ரப்பர் கோர் விறைத்துத் துள்ளல் குறைந்துவிடுகிறது. அந்த மாதங்களில் மட்டும் நான் மென்பந்துக்கு மாறுவேன். தூரம் கூடுகிறதா தெரியாது, கை அதிர்வு குறைகிறது. அடுத்த பந்தை பேன்ட் பாக்கெட்டில் வைத்து சூடாக்குவதும் உண்டு. ஆனால் செயற்கையாக வெப்பமூட்டும் கருவிக்கு விதியில் இடமில்லை, கவனம்.

வாரக்கடைசி ஆட்டக்காரர்

அப்போ மணிக்கு 78 மைலுக்கு யூரித்தேனா? விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு ரவுண்டில் மூன்று பந்தைத் தண்ணீரில் விடுகிறவன் நான்.

பழைய ப்ரோ ஷாப்காரர்

மூன்று தொலைத்தால் டூ பீஸே போதும், கிரீனுக்கு முன்னாலேயே இறக்கி உருட்டி விளையாடுங்கள். கிரீனைச் சுற்றி அடிகள் வீணாகின்றன என்றால், கம்ப்ரஷன் 70, 80 பக்கம் வரும் யூரித்தேன் த்ரீ பீஸைப் பாருங்கள்.

திரியைத் தொடங்கியவர்

முழங்கை வலிக்கு மென்பந்து நல்லது என்று கோல்ஃப் ஆடும் என் டாக்டரே சொல்கிறார். எனக்கு அதில் சந்தேகம்தான். சத்தம் மாறுவதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. சனிக்கிழமை காதில் பஞ்சு வைத்து அடித்துப் பார்க்கிறேன். கேடி சிரிப்பார், பரவாயில்லை.