Diceware-க்கு என்ன சொல்லலாம்? ‘கடவுச்சொற்றொடர்’ சரியா வருமா?

கவிதா:
எல்லாருக்கும் வணக்கம். கடவுச்சொல் மேலாளர் ஒண்ணோட உதவிப் பக்கத்த தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். பாஸ்ஃப்ரேஸ் வர்ற இடத்துல எல்லாம் ‘கடவுச்சொற்றொடர்’னு போட்டுட்டேன், ஆனா டைஸ்வேர் பத்தின பக்கத்துக்கு வந்ததும் அது உறுத்துது. சொற்றொடர்னா சொல்லுக்கும் சொல்லுக்கும் ஒரு தொடர்பு இருக்கணும்ல, இங்க தொடர்பே இருக்கக்கூடாதுங்கறதுதான் விஷயமே. அஞ்சு பகடைய உருட்டி, இடமிருந்து வலமா படிச்சா அஞ்சு இலக்க எண் ஒண்ணு வரும், ஆங்கிலச் சொற்பட்டியல்ல அந்த எண்ணுக்கு நேரா இருக்கிற சொல்ல எடுத்துக்கணும், இதையே ஆறு தடவ செய்யணும். இதுக்கு ஒரு நல்ல பேர் வேணும். அதோட ‘ரேண்டம்’க்கும் ஒரு சொல் வேணும், ‘தோராயமாக’னு பழைய மொழிபெயர்ப்புல இருக்கு, அது தப்புன்னு நல்லாவே தெரியுது.

ராமநாதன்:
அம்மா கவிதா, பகடைக்கு நம்மிடம் ‘கவறு’ என்று பழஞ்சொல் உண்டு, குறளில் சூது அதிகாரத்திலேயே வருகிறது. ‘கவறுச்சொல்’ என்று வைக்கலாம். இன்னொன்று, எதற்காக ஆங்கிலப் பட்டியல்? நானே ஆறு அருமையான சொற்கள் தருகிறேன், வெள்ளைக்காரன் எவனும் ஊகிக்க முடியாது: குறிஞ்சி, யாழ், மதுகை, அன்றில், ஞாழல், புணை.

செந்தில்:
ஐயா, கோவிச்சுக்காதீங்க, நீங்க தந்த ஆறு சொல்ல வச்சே சொல்றேன், ஏன்னா கவிதாவோட சிக்கல் அதுலதான் இருக்கு. ஆறுமே பெயர்ச்சொல், ஆறுமே சங்க இலக்கிய வாசனை உள்ளது, குறிஞ்சின்னு எழுதினதும் அடுத்து யாழ் வந்து நிக்குது. உங்கள ஒரு தமிழாசிரியர்னு தெரிஞ்ச ஒருத்தன் எந்தக் குடத்துல தேடணும்னு கண்டுபிடிச்சுடுவான். இது உங்க குறை இல்ல, மனுஷ மூளையே அப்படித்தான். நேத்து வீட்ல மூணு பேர்கிட்ட ‘சம்பந்தமே இல்லாத நாலு சொல் சொல்லுங்க’ன்னேன். அம்மா கரண்டி, யானை, மழை, பல்லின்னாங்க, தம்பி பைக்ல ஆரம்பிச்சு ஹெல்மெட்டுக்குப் போயிட்டான், பொண்ணு வரிசையா நாலு மிருகம் சொன்னா. ‘ஆகவே’ன்னோ ‘நடுங்கினான்’னோ ஒருத்தரும் சொல்லல. சம்பந்தம் இல்லாம சொல்லணும்னு நெனச்சு ஒதுங்கறதும் ஒரு பழக்கம்தான், ஒதுங்கற திசை தெரிஞ்சா போதும்.

இத ஆராய்ச்சியாவும் பண்ணியிருக்காங்க. அமேசான்ல முன்ன ஒரு வசதி இருந்துச்சு, ஆளுக்கொரு சொற்றொடர் வச்சுக்கலாம், ஒருத்தர் எடுத்தத இன்னொருத்தர் எடுக்க முடியாது. ஜோசஃப் பானோவும் எகடெரினா ஷுடோவாவும் 2012ல அத வச்சு, எதெல்லாம் ஏற்கனவே எடுக்கப்பட்டிருக்குன்னு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தாங்க. சினிமாப் பேர், விளையாட்டுக் குழு பேர், அன்றாடப் பேச்சுல ஜோடியா வர்ற சொல்லுங்கன்னு நெறைய மாட்டுச்சு.

பகடைக்கு இந்த நெனப்பே கெடையாது. டைஸ்வேர உருவாக்கின ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995ல போட்ட பட்டியல்லயும் 7776 சொல், இணைய உரிமைக்காகப் பாடுபடற இஎஃப்எஃப் அமைப்பு 2016ல வெளியிட்ட நீளப் பட்டியல்லயும் 7776 சொல், ஏன்னா ஆற அஞ்சு தடவ பெருக்கினா அதுதான் வரும். இஎஃப்எஃப் பட்டியல்ல 11111 வந்தா abacus, 66666 வந்தா zoom, ஒவ்வொண்ணுக்கும் வாய்ப்பு சமம். ஆறு சொல்லுக்கு 2க்குப் பின்னாடி 23 சைபர் போட்ட அளவுக்கு வழி இருக்கு. பட்டியல் திருடன் கையிலயே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, இதுதான் இதோட அழகு.

மணி:
நான் இத ரெண்டு வருஷமா பண்றேன். ஆனா ஒருதடவ 11111 விழுந்துச்சு, அது பகடை சரியா உருளலன்னு தோணிச்சு, திரும்ப உருட்டிட்டேன். அப்புறம் ஆறு சொல்லையும் கதை மாதிரி வர்ற வரிசைல மாத்தி வச்சுக்கிட்டேன், இல்லன்னா ஞாபகம் இருக்காது. சொல்லெல்லாம் பகடை குடுத்ததுதானே, சேதம் ஒண்ணும் இல்லல்ல?

செந்தில்:
மணி, ரெண்டுலயும் உங்க கை உள்ள போயிடுச்சு. 11111 விழறதுக்கும் 35264 விழறதுக்கும் வாய்ப்பு ஒண்ணேதான், ‘இது ரேண்டமா தெரியல’ன்னு தூக்கிப் போட்டது கண்ணோட தீர்ப்பு. அந்த ஒரு எண்ணால பெருசா நட்டம் இல்ல, பழக்கம்தான் ஆபத்து, பிடிக்காததெல்லாம் தூக்கிப் போட்டு எட்டு தொடர் உருட்டி அதுல ஒண்ண எடுத்தா திருடனுக்கு அதிகபட்சம் எட்டு மடங்கு வேல மிச்சம். வரிசைய மாத்தினது அத விடப் பெருசு. ஆறு சொல்ல 720 விதமா அடுக்கலாம், கதையா வர்ற அடுக்கு எதுன்னு அவனும் ஊகிச்சா மோசமான கணக்குல 720ல ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது ஒரு சொல்லோட பலத்துல முக்கால்வாசி போச்சு. மிச்சம் இருக்கறதே நெறைய, உடனே மாத்தணும்னு இல்ல. அடுத்த தடவ விழுந்த வரிசையிலயே வச்சு, கதைய அதுக்கு ஏத்த மாதிரி கட்டுங்க.

பிரதீபன்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பாடப் புத்தகங்களில ரேண்டமுக்கு ‘எழுமாற்று’ எண்டுதான் கிடந்தது, எழுமாற்று மாறி, எழுமாற்று மாதிரி எண்டு படிச்சம். உங்கட பக்கம் ‘சமவாய்ப்பு மாறி’ எண்டு போடுறவை. தோராயம் எண்டால் கிட்டத்தட்ட எண்டு அர்த்தம் வரும், அது வேண்டாம்.

கவிதா:
பிரதீபன் அண்ணா, இது ரொம்ப உதவி. டைஸ்வேர் பக்கத்துக்கு சமவாய்ப்புதான் பொருந்துதுன்னு நெனக்கிறேன், ஏன்னா மணி மாதிரி நெறைய பேரு ரேண்டம்னா கண்டபடி இருக்கறதுன்னு எடுத்துக்கறாங்க, சமவாய்ப்புன்னு படிச்சா ‘எல்லாத்துக்கும் ஒரே வாய்ப்பு’ங்கறது சொல்லுலயே வந்துடுது.

பிரதீபன்:
ஆனால் தங்கச்சி, சமம் இல்லாத ரேண்டமும் இருக்கு. ரெண்டு பகடையைக் கூட்டினால் ஏழு கூட வரும், அதுவும் ரேண்டம்தான். எழுமாறு அதையும் தாங்கும்.

ராமநாதன்:
அப்படியானால் தாயக்கட்டையை உருட்டினால் என்ன? என் வீட்டில் பித்தளைக் கட்டை இரண்டு இருக்கிறது. தாயத்திலிருந்து பன்னிரண்டு வரை விழுகிறதே.

செந்தில்:
ஐயா, நல்ல யோசனை, ஆனா கூட்டித்தொகைய எடுக்கக்கூடாது, பிரதீபன் சொன்ன சிக்கல் அங்கதான் வருது. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம், வெறுமை, 1, 2, 3. ரெண்டுக்கும் சேத்து 16 விதம். மூணு விழ 4 வழி இருக்கு, ஆறு விழ 3ம் 3ம் மட்டும்தான், பன்னெண்டு விழ ரெண்டுமே வெறுமையா இருக்கணும், அதுவும் ஒரே வழி. அதனால மூணு வர்ற சொல் நாலு மடங்கு அடிக்கடி வரும். கட்டைய தனித்தனியா, முதல் கட்ட ரெண்டாவது கட்டன்னு குறிச்சு வச்சுப் படிச்சா சரி. மூணு தடவ உருட்டினா ஆறு இலக்கம், 4096 சொல். அதுக்கு ஒரு தமிழ்ப் பட்டியல் போடலாம், ஆனா ‘கொ’வுல வர்ற ஒகரக் குறிய கணினில ரெண்டு விதமா சேமிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணா தெரியும், கடவுச்சொல்லுக்கு வேறவேற. மென்பொருள் அத ஒரே வடிவத்துக்கு மாத்தலன்னா உள்ளயே போக முடியாது.

கவிதா:
சரி, இப்போதைக்கு இப்படி வைக்கிறேன்: டைஸ்வேர் முறைக்கு ‘பகடைச்சொல் முறை’, அதுல கிடைக்கிறதுக்கு ‘பகடைச்சொற்சரம்’. சரம்னா கோத்தது, தொடர்பு இருக்கணும்னு கட்டாயம் இல்ல. கவறு எனக்குப் பிடிச்சிருக்கு ஐயா, ஆனா பக்கத்த படிக்கறவங்க கைல பகடைதான் இருக்கும். ரேண்டமுக்கு ரெண்டையும் அடைப்புக்குறியோட விட்டிருக்கேன், இன்னும் யாராச்சும் சொல்லுங்க. ஐயா, உங்க பித்தளைக் கட்டைய நூறு தடவ உருட்டி எந்தப் பக்கம் எத்தன தடவ விழுதுன்னு எழுதி அனுப்ப முடியுமா? பழசு, ஒரு பக்கம் தேஞ்சிருக்கலாம்.